போனஸ் மாதத்தில் பிடித்த 10,842 ரூபாய்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 23 வருடமாக பெர்மனென்ட். மாதம் மொத்தச் சம்பளம் 98,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓ.டி. 36,000 வந்தது, வரி எதுவும் பிடிக்கவில்லை. அக்டோபரில் தீபாவளி போனஸ் 80,000 போட்டார்கள். அதே மாதம் வருமான வரி என்று 10,842 பிடித்துவிட்டார்கள். போனஸுக்குத் தனி வரியா சார்? இனி ஓ.டி. பார்த்தால் எல்லாம் வரிக்கே போய்விடும் என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள். நிஜமா?

பதில்: தனி வரி கிடையாது. மாதா மாதம் பிடிப்பது அந்த மாதச் சம்பளத்துக்கான வரியும் அல்ல. இந்த வருடம் முழுக்க உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பிரிவில் ஒரு மதிப்பீடு போடுகிறார்கள். அதற்கு ஆகும் வரியில் மீதியை மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பிடிக்கிறார்கள். போனஸோ ஓ.டி.யோ வந்தால் மதிப்பீடு மாறும், பிடித்தமும் மாறும்.

ஏப்ரலில் உங்கள் மதிப்பீடு 98,000 வீதம் 12 மாதத்துக்கு 11,76,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 11,01,000. 2025-26 நிதியாண்டில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஓ.டி. 36,000 சேர்ந்தும் நீங்கள் கோட்டுக்குள்தான் இருந்தீர்கள். போனஸ் வந்ததும் மொத்தம் 12,92,000, கழிவு போக 12,17,000. கோட்டை 17,000 ரூபாய் தாண்டிவிட்டீர்கள்.

தாண்டியதும் தள்ளுபடி இல்லை. 4 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று போட்டால் 62,550. செஸ் 4 சதவீதம் சேர்த்து 65,052. அதை அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்தால் வகுத்துப் பாருங்கள்: 10,842. உங்கள் பிடித்தம் வந்த வழி இதுதான். தவறும் இங்கேதான் இருக்கிறது.

17,000 கூட வந்ததற்கு 62,550 வரி என்றால் அநியாயம் அல்லவா? அதற்குத்தான் சட்டத்திலேயே மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறது. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்கக் கூடாது. ஆக உங்கள் வரி 17,000, செஸ் 680, மொத்தம் 17,680. மாதம் 2,947 பிடித்திருந்தால் போதும்.

கணக்குப் பிரிவில் வரிக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'மார்ஜினல் ரிலீஃப்' என்ற இடம் காலியாக இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். நவம்பரிலேயே திருத்தினால், பிடித்தது போக மீதி 6,838. ஐந்து மாதத்துக்கு மாதம் சுமார் 1,368 வரும். ஒரு மாதத்து ஓ.டி.யை மிச்ச மாதங்களுக்கும் அப்படியே பெருக்கி மதிப்பீட்டில் ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். திருத்தாமலே போனாலும் பணம் போய்விடாது. ரிட்டர்ன் போட்டால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். ஆனால் அதுவரை உங்கள் பணம் அரசிடம் கிடக்கும்.

இனி ஓ.டி. பேச்சு. பொதுவாக அது வெறும் பயம்தான், ஆனால் உங்கள் விஷயத்தில் நிஜம். மார்ச்சுக்குள் இன்னும் 20,000 ஓ.டி. வந்தால் கோட்டைத் தாண்டிய தொகை 37,000 ஆகும். வரியும் 37,000, செஸ்ஸோடு 38,480. அதாவது 20,000 சம்பாதிக்க 20,800 கூடுதல் வரி. கையிலிருந்து 800 போகிறது. இந்தப் பள்ளம் வரிக்குரிய வருமானம் ஏறக்குறைய 12,70,588 ஆகும் வரை நீளும். உங்களுக்கு இன்னும் 53,600 போல ஓ.டி. வந்தால்தான் கரையேறுவீர்கள், அதன்பின் ரூபாய்க்கு 15.6 காசுதான் வரி. பொங்கல் சமயத்தில் நாலு ஷிஃப்ட் கூடப் பார்ப்பதால் அந்தத் தொகை வந்துவிடாது. ஆகவே விருப்ப ஓ.டி. என்றால், மார்ச் வரை நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

பேங்க் டெபாசிட் வட்டியும் இதே கணக்கில் சேரும். கம்பெனிக்கு அது தெரியாததால் ரிட்டர்ன் போடும்போது நீங்களே கட்ட வேண்டியிருக்கும். எல்.ஐ.சி., பி.எஃப். ரசீதுகள் புதிய முறையில் உதவாது. கம்பெனி தன் பங்காக உங்கள் என்.பி.எஸ். ஓய்வூதியக் கணக்கில் போடும் தொகை மட்டும், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 14 சதவீதம் வரை கழியும். அந்த ஏற்பாடு உங்கள் தொழிற்சாலையில் உண்டா என்று யூனியனில் விசாரியுங்கள்.

லைனில் 35,000, 40,000 வாங்கும் தம்பிகளிடம் மட்டும் இந்தப் பயத்தைப் பரப்ப வேண்டாம். சம்பளம், ஓ.டி., போனஸ் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 12,75,000-ஐத் தாண்டாத வரை, வேறு வருமானமும் இல்லையென்றால், அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை.