டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட் மெதுவாக ஏறுவதும் தானாக இறங்குவதும்: பம்பா, வால்வா?

"ரொட்டவேட்டரைத் தூக்கினா லிஃப்ட் மெதுவா ஏறுது, தூக்கி நிறுத்தினா கொஞ்ச நேரத்துல இறங்கிடுது. பம்ப் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?"

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பணத்தை விட்டவன். புது பம்ப் வந்ததும் லிஃப்ட் விறுவிறுவென்று ஏறியது. ஆனால் இறங்குவது மட்டும் நிற்கவே இல்லை.

காரணம் எளிது. ஏற்றுவதுதான் பம்பின் வேலை. ஏறிய பிறகு ஆயிலைப் பிடித்து வைத்திருப்பது வால்வும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலும். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் இறங்குவது. ரொட்டவேட்டரைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, லிஃப்ட் ஆர்மின் உயரத்தை அளந்து கொள்ளுங்கள். பல மாடல்களில் சீட்டுக்குக் கீழே, இறங்கும் வேகத்தைக் குறைக்க ஒரு திருகு இருக்கும். அதை முழுக்க மூடினால் சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள வழி அடைபடும். (உங்கள் வண்டியில் அப்படித்தானா என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) மூடிய பிறகும் இறங்கினால் பிஸ்டனின் ஓ-ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். மூடியதும் அப்படியே நின்றுவிட்டால் கசிவு கண்ட்ரோல் வால்வு பக்கம். எனக்கு மூடியும் இறங்கியது. கடைசியில் பிஸ்டன் ஓ-ரிங்தான் அறுந்து கிடந்தது. பம்ப் விலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இன்ஜின் ஓடும்போது லிஃப்ட் கொஞ்சம் இறங்கி, மறுபடி தானாகவே ஏறி, தலையாட்டுவது போலச் செய்தாலும் இதே கசிவுதான். இறங்கியதை வால்வு உணர்ந்து திரும்பத் தூக்கி விடுகிறது.

அப்புறம் மெதுவாக ஏறுவது. இதற்கும் உடனே பம்பைப் பிரிக்க வேண்டாம். ஆயில் அளவைப் பாருங்கள். ஃபில்டரையும், உறிஞ்சும் பக்கத்து ஸ்ட்ரெயினரையும் கழற்றிக் கழுவுங்கள். ஆயில் நுரைத்து, பம்ப் ஊளையிட்டால் உறிஞ்சும் குழாய் இணைப்பில் காற்று புகுகிறது என்று அர்த்தம். நுரை இல்லாமல் பால் போல வெளுத்தே இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஆயிலை மாற்ற வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும், காலையில் நன்றாக ஏறி, இரண்டு மணி நேரம் உழுது ஆயில் சூடானதும் மந்தமாகிறதா? ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் மட்டும் ஏறுகிறதா? அப்போது பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூடான ஆயில் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளேயே திரும்பி ஓடிவிடும். வெறும் ஆர்ம் சட்டென்று ஏறி, பாரம் மாட்டினால் பாதியில் நின்று 'உஸ்' சத்தம் வந்தால் ரிலீஃப் வால்வு சீக்கிரமே திறக்கிறது. அதைக் குத்துமதிப்பாக முறுக்காதீர்கள், அழுத்தம் எகிறி பம்ப் ஹவுசிங்கோ லிஃப்ட் கவரோ வெடித்துவிடும். பிரஷர் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் மேனுவல் அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கிய நிலையில் அதற்கு அடியில் போகவே கூடாது, உங்களுடையது தானாக இறங்குகிற லிஃப்ட்.