CaCO3 சிதையும்போது மூன்று பொருள் இருந்தும் C = 2, NH4Cl-க்கு மட்டும் C = 1 என்கிறார்களே, F-ஐ எப்படித்தான் எண்ணுவது?

நிலைமை விதியில் C என்பது கூறுகளின் எண்ணிக்கை, P என்பது திண்மம், நீர்மம், வாயு போன்ற நிலைமைகளின் எண்ணிக்கை, F என்பது வெப்பநிலை, அழுத்தம், இயைபு ஆகியவற்றில் நாமாக மாற்றக்கூடியவற்றின் எண்ணிக்கை. F = C − P + 2-ல் எண்களைப் போடுவது எளிது, எல்லாரும் சறுக்குவது C-ஐ எண்ணும்போதுதான். முதலில் எத்தனை வேதிப்பொருள் என்று எண்ணுங்கள், சமநிலை வினை ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கழியுங்கள், அப்புறம் ஒரே நிலைமைக்குள் உள்ள பொருள்களின் செறிவுகளுக்கு இடையே வேறு ஏதாவது கட்டாயத் தொடர்பு இருந்தால் அதற்கும் ஒன்று. இந்த 'ஒரே நிலைமைக்குள்' என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலே இருக்கிறது.

காற்றில்லாத மூடிய குடுவையில் NH4Cl மட்டும் போட்டுச் சூடாக்கினால், வரும் வாயுவில் NH3-ம் HCl-ம் சரிபாதியாகத்தான் இருக்க முடியும். ஆக 3 − 1 − 1 = 1. திண்மம், வாயு என இரண்டு நிலைமை, F = 1. வெப்பநிலையை முடிவு செய்துவிட்டால் அழுத்தம் தானாக வந்துவிடும். அதே குடுவையில் முன்பே கொஞ்சம் NH3 விட்டிருந்தால் அந்தச் சரிபாதிக் கணக்கு போய்விடும்: C = 2, F = 2.

CaCO3-லும் CaO, CO2 சம மோல்தானே உண்டாகின்றன என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் CaO தனித் திண்மம், CO2 தனி வாயு. இரண்டும் தூய நிலைமைகள் என்பதால் எவ்வளவு உண்டானாலும் அவற்றின் இயைபு மாறாது, கழிக்க எந்தச் சமன்பாடும் கிடைக்காது. C = 3 − 1 = 2. இரண்டு திண்மங்களும் ஒன்றோடொன்று கலக்காததால் தனித்தனியாக எண்ண வேண்டும், P = 3, எனவே F = 1. தவறாக C = 1 என்று எடுத்திருந்தால் F = 0 வரும், அதாவது ஒரே ஒரு வெப்பநிலையில் மட்டுமே மூன்றும் சேர்ந்திருக்க முடியும். அளந்து பார்த்தால் அப்படி இல்லை, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு CO2 அழுத்தம் உண்டு, ஏறத்தாழ 900 °C-ல் அது 1 atm-ஐத் தொடும்.

உண்மையிலேயே F = 0 பார்க்க வேண்டுமா? ஒரு கூறுக்கு நீரின் மும்மைப் புள்ளி, 273.16 K. இரண்டு கூறுக்கு உப்பும் நீரும்: அழுத்தம் 1 atm என்று நிலையாக வைத்தால் +2 என்பது +1 ஆகும், பனிக்கட்டி, NaCl·2H2O, உப்புக்கரைசல் மூன்றும் சேர்ந்திருக்கும்வரை வெப்பநிலை −21 °C-ஐ ஒட்டியே நிற்கும்.

மூன்று கூறுக்கு, நீர், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம். இங்கே வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் நிலையாக வைப்பதால் F = 3 − P. இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும்போது F = 1, மேலடுக்கில் அமிலம் எவ்வளவு என்று சொன்னாலே இரண்டு அடுக்குகளின் முழு இயைபும் தெரிந்துவிடும், முக்கோணப் படத்தில் இணைப்புக் கோட்டின் இரு முனைகள் அவைதான். குடுவையைக் குலுக்கிக்கொண்டே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், கலங்கல் மறைந்து தெளிந்ததும் P = 1, F = 2.