பொருந்தாத வேலைகளுக்கே அழைக்கும் ரெக்ரூட்டருக்கு எப்படி மறுப்புச் சொல்வது?

கேள்வி: சென்னையில் ஜாவா பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். மொத்தம் ஒன்பது வருட அனுபவம். அதில் முதல் மூன்று வருடம் டெஸ்டிங். இப்போதைய வேலையை வாங்கித் தந்த கன்சல்டன்சி ரெக்ரூட்டர் மாதத்துக்கு நான்கைந்து தடவை கூப்பிடுகிறார். எல்லாம் டெஸ்டிங் வேலை, இல்லாவிட்டால் புனேயில் கான்ட்ராக்ட் வேலை. நல்ல மனிதர், நாளைக்கு அவர் உதவி தேவைப்படும். அவர் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?

பதில்: பதினான்கு ஆண்டுகள் கன்சல்டன்சியில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழைப்புகள் செய்தவன் என்பதால், முதலில் அந்தப் பக்கத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் உங்களை மறந்துவிட்டதாலோ மதிக்காததாலோ அழைக்கவில்லை. காலையில் ஒரு நிறுவனம், ஜாவா தெரிந்த ஆட்டோமேஷன் டெஸ்டர் வேண்டும் என்று கேட்கிறது. அவர் வேலைவாய்ப்புத் தளத்தின் ரெஸ்யூம் களஞ்சியத்தில் ஏறத்தாழ இப்படித் தட்டுகிறார்:

```
selenium AND java AND (chennai OR bangalore)
```

உங்கள் ரெஸ்யூமில் செலினியம் முதல் மூன்று ஆண்டுகளின் வேலையாகவும், ஜாவா அடுத்த ஆறு ஆண்டுகளின் வேலையாகவும் இருக்கிறது. இவ்வகைத் தேடல் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறதே தவிர, எந்த ஆண்டுக்கு உரியவை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் பெயர் பட்டியலில் மேலே வருகிறது. பழகிய பெயராகவும் இருப்பதால் முதல் அழைப்பு உங்களுக்கே வருகிறது. இந்தக் கணிப்பு சரிதானா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். அடுத்த முறை அவர் அழைக்கும்போது, "எந்தச் சொல்லை வைத்துத் தேடினீர்கள் சார், என் பெயர் வந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

புனே அழைப்புக்குக் காரணம் வேறாக இருக்கலாம். முன்பு உங்களுக்கு வேலை தேடித் தந்தபோது "எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை" என்று நீங்கள் சொல்லியிருந்தால், அது அந்த அலுவலகத்தின் பதிவில் இன்னமும் அப்படியே இருக்கும். ஒருவர் வேலையில் சேர்ந்த பிறகு அவருடைய பதிவைத் திறந்து திருத்தும் வழக்கம் பல கன்சல்டன்சிகளில் கிடையாது.

இனி, நீங்கள் இதுவரை சொல்லிவந்த மறுப்பைப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் சொல்வது, "இப்போதைக்கு வேண்டாம் சார், கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்" என்பதுதான். நம் பேச்சு வழக்கில் "பார்க்கலாம்" என்பது மரியாதையான மறுப்பு. ரெக்ரூட்டரின் குறிப்புக் கட்டத்திலோ அது மீண்டும் அழைக்க வேண்டிய ஒரு தேதி. "பிஸியாக இருக்கிறேன்" என்றால் மாலையில் அழைக்க வேண்டும் என்றும், "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் நாளை மறுநாள் அழைக்க வேண்டும் என்றும் எழுதிக்கொள்வோம். மனம் நோகக் கூடாதென்று நீங்கள் மென்மையாக்கிய ஒவ்வொரு சொல்லும் அடுத்த அழைப்புக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது.

அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் மறுத்தால் உறவு கெடும் என்ற அச்சம் அதைத் தெரிந்துகொண்டால் பெருமளவு விலகும். இந்தியாவில் நிரந்தரப் பணிக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிக்கு, பணியமர்த்தும் நிறுவனம் கட்டணம் தருகிறது. வெகுகாலமாகப் புழங்கும் அளவு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 24 லட்சம் சி.டி.சி. என்றால் சுமார் 2 லட்சம் ரூபாய். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது கூடும் குறையும். சேர்ந்தவர் 90 நாள்களுக்குள் விலகினால் கட்டணமின்றி வேறு ஆள் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. எனவே அரைமனதோடு நேர்முகத் தேர்வுக்குப் போய் நடுவில் விலகுபவரால்தான் அவருக்கு நட்டம். முதல் நிமிடத்திலேயே காரணத்தோடு மறுப்பவர் அவருடைய ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறார். அப்படி மறுத்தவர்கள் மீது எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். அவரால் சரிசெய்யக்கூடிய காரணத்தைச் சொன்னால், சரிசெய்துகொண்டு திரும்ப வருவார். டெஸ்டிங் வேலையைப் பற்றி "சம்பளம் குறைவாக இருக்கிறதே" என்று சொன்னீர்களானால், அடுத்த வாரம் அதிகச் சம்பளத்தோடு இன்னொரு டெஸ்டிங் வேலை வரும். அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. புனே வேலைக்கு "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றால், இரண்டு மாதம் கழித்து நலம் விசாரித்துவிட்டு அதே புனேயைப் பற்றிப் பேசுவார். அவர் தன் பதிவில் எழுதிவைத்து, அடுத்த தேடலில் வடிகட்டப் பயன்படுத்தக்கூடிய உண்மையான காரணத்தையே சொல்லுங்கள்: என்ன வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, எந்த ஊர், எவ்வளவுக்குக் குறையாமல், எப்போது முதல். இந்த ஐந்துக்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீளமான விளக்கம் பேரத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

அழைப்பு வரும்போது வேலை விவரம் முழுவதையும் அவர் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுக்காதீர்கள். "சார், என்ன ரோல், பெர்மனெண்டா, எந்த ஊர் என்று முதலில் சொல்லிவிடுங்கள்" என்று கேளுங்கள். டெஸ்டிங் என்றால், "நான் டெஸ்டிங்கை விட்டு ஆறு வருடமாகிறது சார், இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. எனக்கு எது பொருந்தும் என்று இன்றைக்கே ஒரு மெயில் அனுப்புகிறேன், என் பதிவில் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம். தொலைபேசியில் சொன்னது அழைப்போடு போய்விடும். மெயிலில் உள்ளதை அவர் அப்படியே எடுத்துப் பதிவில் ஒட்டிக்கொள்ள முடியும் என்பதால்தான் வாட்ஸாப்பைவிட மெயிலைப் பரிந்துரைக்கிறேன். அது இப்படி அமையலாம். எந்த மொழியில் எழுதினாலும் உள்ளடக்கம் இதுவே:

> வணக்கம் சார். நீங்கள் வாங்கித் தந்த இந்த வேலையில் நிறைவாக இருக்கிறேன், நன்றி. என் பதிவில் இந்த விவரங்களைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். வேலை: ஜாவா பேக்எண்ட், சீனியர் டெவலப்பர் அல்லது லீட் மட்டும், டெஸ்டிங் வேண்டாம். நிரந்தரப் பணி மட்டும். ஊர்: சென்னை, அல்லது வீட்டிலிருந்தே செய்யும் வேலை. சம்பளம்: 24 லட்சத்துக்குக் குறையாமல். நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஜனவரி வரை மாறும் எண்ணம் இல்லை. ஆனால் இவை அனைத்தும் பொருந்தினால் அதற்கு முன்பும் மெயில் அனுப்புங்கள், ஒரு நாளுக்குள் பதில் தருகிறேன். என்னைக் கேட்காமல் ரெஸ்யூமை எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டாம். புதிய ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன், பழையதை நீக்கிவிடுங்கள்.

தொகையும் மாதமும் உங்களுடையவையாக இருக்கட்டும். ஆனால் அவை இல்லாமல் அனுப்பாதீர்கள். "நல்ல சம்பளம்", "சிறிது காலம்" போன்றவற்றைக் கொண்டு எவராலும் தேட முடியாது. ஒரு நாளுக்குள் பதில் தருவதாக எழுதினால் அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். அழைப்புக்குப் பதிலாக மெயில் அனுப்பும் பழக்கம் அவருக்கு வருவது, மெயிலுக்கு உங்களிடமிருந்து பதில் வரும் என்ற நம்பிக்கை உண்டான பிறகுதான்.

இணைக்கும் ரெஸ்யூமிலும் திருத்தம் வேண்டும். திறன்களின் பட்டியலிலிருந்து செலினியம், டெஸ்ட்என்ஜி போன்ற கருவிப் பெயர்களை எடுத்துவிடுங்கள். முதல் மூன்று ஆண்டுகளை மறைக்க வேண்டாம்; பின்னணிச் சரிபார்ப்பில் அது தொல்லையாக முடியும். நிறுவனத்தின் பெயர், காலம், "மென்பொருள் சோதனைப் பிரிவு" என்ற ஒரே வரி ஆகியவை போதும். வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி, விரும்பும் ஊர், பணியின் வகை ஆகியவற்றையும் இதே முறையில் மாற்றுங்கள். பக்கத்தைத் திருத்தியவுடன் அண்மையில் மாற்றப்பட்டவர்களின் வரிசையில் நீங்கள் முன்னே வருவீர்கள் என்பதால், சில நாள்களுக்கு வேறு எண்களிலிருந்து அழைப்பு கூடலாம். அதைக் கண்டு திருத்தம் பயன் தரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

உறவைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இவ்வளவு தூரம் கேட்கிறாரே, ரெஸ்யூமை அனுப்பிக்கொள்ளட்டும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சம்மதித்துவிடுவார்கள். ஒரு கன்சல்டன்சி வழியாக உங்கள் ரெஸ்யூம் ஒரு நிறுவனத்துக்குள் போனால், அங்குள்ள மென்பொருளில் அந்தக் கன்சல்டன்சி கொண்டுவந்தவர் என்று உங்கள் பெயர் பதிவாகிவிடும். அந்த உரிமை பல இடங்களில் ஆறு மாதம்வரை நீடிக்கும். நான்காம் மாதத்தில் அதே நிறுவனத்தில் உங்களுக்கு மிகப் பொருத்தமான ஜாவா வேலை வந்து, அங்கே பணிபுரியும் நண்பர் பரிந்துரைத்தால், "ஏற்கெனவே பதிவில் உள்ளவர்" என்று விண்ணப்பம் திரும்பலாம். ரெக்ரூட்டருக்கும் இதில் நன்மை இல்லை. பொருந்தாத ஆள்களை அனுப்புகிறார் என்ற பெயர் வந்தால், நிறுவனம் அவரிடம் வேலைகளைக் கொடுப்பதைக் குறைத்துவிடும். மெயிலில் "என்னைக் கேட்காமல்" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மெயில் அனுப்பிய பிறகும் ஒன்றிரண்டு தவறான அழைப்புகள் வரும். முதல் முறை, "அந்த மெயிலில் எழுதியிருந்தேனே சார், டெஸ்டிங் இல்லை என்று" என்று சாதாரணமாக நினைவூட்டினால் போதும். மூன்றாவது முறையும் வந்தால் தொலைபேசியை எடுக்காமல், அதே மெயிலின் கீழே "இந்த ரோல் பொருந்தாது, விவரம் மேலே" என்று எழுதி அனுப்புங்கள். எண்ணைத் தடை செய்வதை மட்டும் செய்யாதீர்கள். சரியான வேலை வரும்போதும் அவர் அதே எண்ணிலிருந்துதான் அழைப்பார். தொடர்ந்து கிடைக்காத ஒருவரைத் தொடர்பற்றவர் என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

மறுக்கும் வேலைக்குத் தகுந்த நண்பர் யாராவது இருந்தால், அவருடைய எண்ணை ரெக்ரூட்டரிடம் கொடுக்காமல், ரெக்ரூட்டரின் எண்ணையும் வேலை விவரத்தையும் நண்பருக்கு அனுப்புங்கள். விருப்பமிருந்தால் அவரே பேசிக்கொள்வார். எண்ணைக் கொடுத்துவிட்டாலோ, உங்களிடமிருந்து விடுபட்ட அழைப்புகள் அவரைப் பிடித்துக்கொள்ளும்!

இந்தத் துறையில் ரெக்ரூட்டர்களும் அடிக்கடி கன்சல்டன்சி மாறுகிறவர்கள். அவர் போன பிறகு உங்கள் பதிவு பழைய அலுவலகத்திலேயே தங்கிவிடும். அவர் இடத்துக்கு வரும் புதியவர், தேடல் காட்டும் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்குவார். அவருக்கும் அதே மெயிலை அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு வேலை வாங்கித் தந்தவரின் சொந்த மெயில் முகவரியை இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். புதிய இடத்தில் அவர் கையில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது என்பதால், அங்கே அனுப்ப வேண்டியதும் அந்த மெயில்தான்.