கூற்றும் காரணமும் சரி, விளக்கம் சரியா?

"தேர்வில் வரும் கூற்று-காரணம் கேள்வியில் இரண்டுமே சரியாக இருந்தால், காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமா என்பதை எப்படி முடிவு செய்வது?"

காரணத்தை மாற்றிப் பார்த்தாலும் கூற்று நிற்கிறதா என்று பாருங்கள்.

கூற்று: தஞ்சைப் பகுதிக் குறுவை சாகுபடி மேட்டூர் அணைத் தண்ணீரைப் பெரிதும் நம்பியிருக்கிறது.
காரணம்: டெல்டாவின் மண் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல்.

இரண்டும் உண்மை. ஆனால் அந்த வயலில் வேறு மண் இருந்தாலும் ஜூனில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டுமே! வண்டல் விளக்குவது வளத்தை. கூற்று கேட்பது தண்ணீரை. ஆக, காரணம் சரியான விளக்கமன்று. இரண்டிலும் 'காவிரி' வாசனை அடிப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

காரணம் "டெல்டாவுக்குப் பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான்" என்றிருந்தால்? குறுவை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மழை பற்றாத இடத்தை அணைநீர் நிரப்புகிறது. மழைக்காலம் ஜூனிலேயே வந்துவிட்டால் கூற்று ஆட்டம் காணும். அது விளக்கம்.