ஏழோடு ஏன் நிறுத்துகிறோம்?

அன்புள்ள சார்,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் 100 வரை எண்களை எழுதி, சல்லடை முறையில் பகா எண்களைக் கண்டுபிடித்தாள். 2, 3, 5, 7 இவற்றின் மடங்குகளை அடித்ததும் முடிந்தது என்று பென்சிலை வைத்துவிட்டாள். 11, 13 எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டால், “100-இன் வர்க்கமூலம் 10, அதற்கு மேல் பார்க்க வேண்டாம்” என்கிறாள். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

அதே தாளில் 11-இன் மடங்குகளையும் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 22, 33, 44, 55, 66, 77, 88, 99. எட்டுமே ஏற்கெனவே அடிபட்டிருக்கும். 22, 44, 66, 88 இவற்றை 2 அடித்துவிட்டது. 33, 99 இரண்டையும் 3 அடித்தது, 55-ஐ 5, 77-ஐ 7. பாவம், 11-க்கு அடிக்க எதுவும் மிச்சமில்லை.

காரணத்தை முற்றத்தில் தேங்காய் அடுக்கிப் பார்க்கலாம். 91 தேங்காயை வரிசைக்கு 13 வீதம் ஏழு வரிசையாக மிச்சமில்லாமல் அடுக்க முடியும். 97 தேங்காயை ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும், ஏனென்றால் அது பகா எண். சரி, வரிசைகளும் பத்துக்கு மேல், ஒவ்வொரு வரிசையிலும் தேங்காய் பத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்றால்? குறைந்தது 11 வரிசை, வரிசைக்கு 11 தேங்காய். 121 ஆகிவிடுகிறது! ஆகவே 100-க்குள் எந்தப் பகு எண்ணை அடுக்கினாலும் ஒரு பக்கம் 10 அல்லது அதற்குக் கீழேதான் நிற்கும். அந்தச் சின்னப் பக்கத்துக்குள் 2, 3, 5, 7 இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். 96-ஐ 8 × 12 என்று அடுக்கினால் 8-க்குள் 2 இருக்கிறது, அந்த 2 முதல் சுற்றிலேயே 96-ஐ அடித்திருக்கும்.

7-க்கும் இதே கதைதான். 14, 21, 28, 35, 42 எல்லாம் முன்னாலேயே போய்விட்டன. அது புதிதாக அடிப்பது 49-இல், அதாவது 7 × 7-இல் தொடங்குகிறது. அப்புறம் 77, 91. அவ்வளவுதான். அவசரப்பட்டு 5-உடன் நிறுத்தினால் இந்த மூன்றும் பகா எண்கள் மாதிரி தாளில் நின்றுவிடும். பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும் 91-இல் பெரியவர்களே ஏமாறுவதுண்டு.

மகள் சரியாகச் செய்தாளா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. 2 அடித்தவை 49. அதன்பின் 3 புதிதாக அடித்தவை 16, 5 அடித்தவை 6, 7 அடித்தவை 3. ஆக 74. பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல என்பதால் 1-ஐ விட்டுவிட்டால், 2 முதல் 100 வரை 99 எண்கள். மிச்சம் 25 பகா எண்கள் நிற்கவேண்டும். 28 நின்றால் 7-ஐ விட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டே 120 வரை போகலாம். 121-ஐச் சேர்த்தால் 11-உம் வேண்டும். அதன் வர்க்கமூலமே 11 என்பதால் அந்த எண்ணையும் விடக்கூடாது. 200 வரை என்றால் 13-உம் சேரும், ஆனால் அந்த இரண்டும் புதிதாக அடிப்பது 121, 143, 169, 187 என்று நான்கே எண்கள்தான். இதில் 143-ஐ அடிப்பது 11-ஆ, 13-ஆ என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.