வெண்டிலேட்டர் அலாரம் அடித்தால் என்ன பொருள்?

கேள்வி: அம்மா நிமோனியாவால் ஐசியூவில் வெண்டிலேட்டரில் இருக்கிறார். பார்க்கப் போகும்போதெல்லாம் அலாரம் அடிக்கிறது. நர்ஸ் வந்து பட்டனை அழுத்திவிட்டுப் போகிறார். திரையில் ஓடும் எண்கள் எதைக் காட்டுகின்றன? பயப்பட வேண்டுமா?

பதில்: "பட்டனை அழுத்திவிட்டுப் போகிறார்" என்ற வரி என்னைத் தைத்தது, ஏனென்றால் நானும் ஐசியூ நர்ஸ்தான். அந்தப் பட்டன் சத்தத்தைக் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தும், அவ்வளவுதான். காரணம் சரியாகவில்லை என்றால் அலாரம் மறுபடி அடிக்கும். அந்த இடைவெளியில் நாங்கள் தேடுவது என்ன என்பதை நான் பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவை வைத்துச் சொல்கிறேன்.

அவருக்கும் நிமோனியாதான். வைத்திருந்தது வால்யூம் கண்ட்ரோல் மோட். உங்கள் அம்மாவுக்கும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மூச்சுக்கும் இத்தனை மில்லி காற்று என்று நாம் சொல்லிவிடுவோம். அதை உள்ளே தள்ள எவ்வளவு அழுத்தம் தேவையோ அதை மெஷின் கொடுக்கும். அந்தக் காற்றின் அளவுதான் டைடல் வால்யூம். அதை உடல் எடையை வைத்துப் போடுவதில்லை, உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லையே. அந்த அம்மா 75 கிலோ இருந்தார். ஆனால் 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்கு எடை சுமார் 48 கிலோதான். கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்ற கணக்கில் 350 மில்லி வைத்திருந்தோம்.

PEEP 8-ல் இருந்தது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பதுதான் அது. முழுக்கச் சுருங்கிய பலூனை முதலில் ஊதுவது எவ்வளவு கஷ்டம்! காற்றறைகளை அந்த நிலைக்குப் போக விடாமல் PEEP பிடித்து வைக்கிறது. வழக்கமாக 5-ல் தொடங்குவார்கள். ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் கூட்டுவார்கள். ரொம்பக் கூட்டினால் ரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

மாலையில் அவருக்கு மெஷின் காற்றைத் தள்ளும்போது ஏறும் உச்ச அழுத்தம், அதாவது திரையில் Ppeak, 24 இருந்தது. நள்ளிரவில் 38-க்குப் போய், இடையிடையே அலாரம் எல்லையான 40-ஐத் தொட்டது. எல்லையைத் தொட்டதும் மெஷின் அந்த மூச்சை அங்கேயே நிறுத்திவிடும். அலாரம் அடிப்பதோடு காற்றும் குறைவாகவே போகும் என்பதால்தான் அதை அலட்சியப்படுத்த முடியாது.

மயக்க மருந்தில் இருந்ததால் அவர் இருமவில்லை, டியூபைக் கடிக்கவுமில்லை. டியூப் எங்கும் மடங்கவில்லை. மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிக்கும் பட்டனை அழுத்தி, காற்று ஓடாமல் நிற்கும்போது உள்ள அழுத்தத்தைப் பார்த்தேன். அதற்கு பிளாட்டோ என்று பெயர். மாலையில் 18 இருந்தது, அப்போது 19. அதாவது நுரையீரல் விறைக்கவில்லை, காற்று போகும் வழியில்தான் அடைப்பு. சக்ஷன் குழாயை விட்டேன், பாதியிலேயே தடுத்தது. முதலில் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு உறிஞ்சி எடுத்தேன். கெட்டியாகக் காய்ந்த சளி வந்தது. உச்ச அழுத்தம் 25-க்கு இறங்கியது.

பிளாட்டோவும் சேர்ந்து ஏறியிருந்தால் கதையே வேறு. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், டியூப் ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம், நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து அதை அமுக்கலாம். அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிளாட்டோ 30-ஐத் தாண்டாமல் வைக்கத்தான் எப்போதும் பார்ப்போம்.

பிரஷர் கண்ட்ரோல் மோடில் இதே அடைப்பு வேறு மாதிரி தெரியும். அங்கே அழுத்தத்தை நாம் நிர்ணயித்துவிடுவதால் அது ஏறாது, உள்ளே போகும் காற்று குறையும். எனவே வால்யூம் குறைவு என்ற அலாரம் அடிக்கும். அழுத்தம் குறைவு என்று அடித்தால், பெரும்பாலும் எங்கோ இணைப்பு கழன்றிருக்கும் அல்லது கசியும். நாங்கள் அதற்குத்தான் அதிகம் பதறுவோம். காரணம் உடனே பிடிபடாமல் நோயாளி திணறினால், மெஷினைக் கழற்றிவிட்டு அம்பு பேக்கால் கையாலேயே மூச்சு கொடுப்போம்.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, நர்ஸ் எதற்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். செட்டிங்கை முடிவு செய்வது அவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் நிற்பது நாங்கள். வெண்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. நான் முன்பு வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் இரவு ஷிப்டில் மூன்று பேரை ஒருத்தி பார்க்க வேண்டும். மூன்று மெஷின்களும் ஒரே நேரத்தில் அடித்தால் யாரிடம் முதலில் ஓடுவது? கேட்டால், ஆள் இல்லை என்பார்கள். பில்லில் மட்டும் ஐசியூ நர்சிங் கட்டணம் முழுசாக இருக்கும்.

நீங்கள் அடுத்த முறை போகும்போது, எந்த மோட், நேற்றைவிட இன்று PEEP-ம் ஆக்சிஜன் சதவீதமும் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் இறங்கிக்கொண்டே வந்தால் நுரையீரல் தேறி வருகிறது.