பான் கார்டு தொலைந்தால் புது நம்பரா, மறுபதிப்பா?

"பர்ஸோட பான் கார்டு போச்சு. வீடும் மாறிட்டேன். புது நம்பர் வாங்கணுமா? அதுக்குள்ள யாராச்சும் என் பேர்ல லோன் எடுத்துட்டா?"

புது நம்பர் கேட்டு விண்ணப்பிக்காதீங்க. ஒருத்தர் பேர்ல ரெண்டு பான் இருந்தா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். உங்களுக்கு வேண்டியது மறுபதிப்பு. பான் கார்டு சேவை தர்ற புரோட்டியன் அல்லது யூடிஐஐடிஎஸ்எல் நிறுவனத்தோட தளத்துல, இந்திய முகவரின்னா 50 ரூபாய்தான்.

ஆனா மறுபதிப்புல புது முகவரியை எழுத முடியாது. வருமான வரித்துறையோட பதிவுல இருக்கிற பழைய வீட்டுக்கே கார்டு போகும். கார்டு திரும்பிப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். அதனால வரிசை இப்படி:

1. ஆதார்ல புது முகவரி இருக்கான்னு பாருங்க.
2. அதே தளத்துல ஆதார் வழியா பான் முகவரியை மாத்துங்க.
3. மாறின பிறகு மறுபதிப்பு கேளுங்க.

அவசரம்னா இ-பான் போதும், அதுவும் செல்லும்.

லோன் பயம் நியாயமானது. டெபிட் கார்டை முடக்குற மாதிரி பானை முடக்க வழியில்லை. போலீஸ்ல தொலைந்ததா பதிவு பண்ணி ரசீதை வச்சுக்கோங்க, பின்னாடி தகராறு வந்தா தேதிக்கு அதுதான் சாட்சி. நம்ம கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கிற சிபில், எக்ஸ்பீரியன் மாதிரி ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு கடன் அறிக்கை இலவசமா தரணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துடாம, சில வார இடைவெளியில ஒண்ணொண்ணா எடுங்க. அதுல கடன் பட்டியலை விட, உங்க கடன் விவரத்தை யார் யார் கேட்டாங்கன்னு காட்டுற 'என்கொயரி' பகுதியை முதல்ல பாருங்க. நீங்க அணுகாத நிறுவனத்தோட பேர் இருந்தா அந்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்தவங்களுக்கும் உடனே எழுத்துல புகார் கொடுங்க.

ஒரு தடவை சுத்தமா இருந்ததுன்னு விட்டுடாதீங்க. புதுக்கடன் அறிக்கையில ஏற வாரக்கணக்குல ஆகலாம்.